1624 ஜனவரி 1: ஒரு தேதி மன்னர்களின் கையைக் கட்டிய கதை

உக்ரைன் போர்ச் செய்திகளில் "வெஸ்ட்ஃபாலியா ஒழுங்கு" என்று அடிக்கடி வருகிறதே, ஒரு சமாதான உடன்படிக்கையால் இறையாண்மை என்ற கருத்தையே எப்படி உருவாக்க முடிந்தது என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். பாடப்புத்தகம் சொல்லும் பதில் சுருக்கமானது: 1648இல் முப்பதாண்டுப் போர் முடிந்தது, அன்றிலிருந்து ஒவ்வொரு நாடும் தன் எல்லைக்குள் தானே அதிபதி. இதில் பாதிதான் உண்மை. மீதிப் பாதி இதைவிடச் சுவாரசியமானது.

போரின் கதை பலருக்கும் தெரியும். 1618இல் பிராகாவில், ஜெர்மானியச் சிற்றரசுகளுக்கு மேலே இருந்த புனித ரோமானியப் பேரரசரின் அதிகாரிகளை ஜன்னல் வழியே தூக்கி எறிந்ததில் தொடங்கி, ஸ்வீடன், பிரான்ஸ் என்று ஒவ்வொருவராக உள்ளே வர, ஜெர்மானிய நிலம் முப்பது ஆண்டுகள் எரிந்தது. பிரச்சினையின் வேர் 1555ஆம் ஆண்டு ஆக்ஸ்பர்க் உடன்பாட்டில் இருந்தது. சிற்றரசின் மன்னன் கத்தோலிக்கத்தையோ புராட்டஸ்டன்ட் பிரிவான லூத்தரன் மதத்தையோ தேர்ந்தெடுக்கலாம், குடிகள் அதையே பின்பற்ற வேண்டும், முடியாதவர்கள் ஊரைவிட்டுப் போகலாம் என்றது அது. கேட்க எளிமையாக இருக்கிறது, ஆனால் மன்னன் மாறினால்? பலாட்டினேட் என்ற ஜெர்மானியச் சிற்றரசில் முப்பது ஆண்டுகளுக்குள் லூத்தரன், இன்னொரு புராட்டஸ்டன்ட் பிரிவான கால்வினிஸ்ட், மறுபடி லூத்தரன், மறுபடி கால்வினிஸ்ட் என்று அரண்மனை மாற மாறக் கோயில்களில் போதகர்களும் மாறினார்கள். கால்வினிஸ்ட்களுக்கு அந்த உடன்பாட்டில் இடமே கிடையாது என்பது வேறு விஷயம்.

1648இல் ஜெர்மனியின் வெஸ்ட்ஃபாலியா பகுதியில் மூன்ஸ்டர், ஓஸ்னாப்ரூக் என்ற இரண்டு ஊர்களில் பேசி முடித்தவர்கள் கண்டுபிடித்த வழிதான் எனக்கு மிகவும் பிடித்தது. எந்த மதம் உண்மை என்ற கேள்வியையே தொடாமல் ஒரு தேதியை வைத்தார்கள்: 1624 ஜனவரி 1. அந்த ஆண்டில் ஒரு மடமோ தேவாலயமோ யார் கையில் இருந்ததோ அவர்களுக்கே அது சொந்தம். அந்த ஆண்டில் ஓர் ஊர் மக்கள் எந்த வழிபாட்டைப் பொதுவில் நடத்தினார்களோ அதைத் தொடர்ந்து நடத்தலாம், மன்னன் மதம் மாறினாலும் சரி. புராட்டஸ்டன்ட் தரப்பு 1618ஐக் கேட்டது, கத்தோலிக்கத் தரப்பு தங்கள் படைகள் வென்றிருந்த பிந்தைய ஆண்டைக் கேட்டது, இடையில் நின்றது 1624. இறையியல் வழக்கு சாட்சியும் பழைய கணக்குப் புத்தகமும் தீர்க்கக்கூடிய சொத்து வழக்காக மாறிவிட்டது!

ஓஸ்னாப்ரூக் மறைமாவட்டத்தையே பாருங்கள். அங்கே எந்த ஊரின் தேவாலயப் பங்கு கத்தோலிக்கம், எது லூத்தரன் என்று 1624 நிலவரத்தை வைத்து 1650இல் எழுதிவைத்தார்கள். ஆயர் பதவியோ முறை வைத்து ஒருமுறை கத்தோலிக்கருக்கு, அடுத்தமுறை பிரன்ஸ்விக் அரச குடும்பத்து லூத்தரன் இளவரசருக்கு. 1764இல் லூத்தரன் முறை வந்தபோது பிரிட்டன் மன்னர் மூன்றாம் ஜார்ஜின் கைக்குழந்தை ஆயரானது, பங்குகளின் மதம் அதனால் மாறவில்லை. 1697இல் போலந்து அரியணைக்காக சாக்சனி மன்னர் கத்தோலிக்கரானார், சாக்சனி லூத்தரனாகவே இருந்தது.

ஆக, மதத்தில் இந்த உடன்படிக்கை மன்னனின் அதிகாரத்தைக் குறைத்திருக்கிறது. அப்புறம் இறையாண்மை எங்கே வந்தது? வேறு இரண்டு இடங்களில். பேரரசின் சிற்றரசுகள் தங்களுக்குள்ளும் வெளிநாடுகளோடும் கூட்டணி வைத்துக்கொள்ளலாம், பேரரசருக்கும் பேரரசுக்கும் இந்தச் சமாதானத்துக்கும் எதிராக மட்டும் கூடாது. இரண்டாவது, போப் பத்தாம் இன்னசென்ட் இந்த ஷரத்துகள் செல்லாது என்று அறிவித்தும் யாரும் பின்வாங்கவில்லை. அப்படி ஓர் எதிர்ப்பு வந்தாலும் எடுபடாது என்று உடன்படிக்கையிலேயே முன்கூட்டி எழுதியிருந்தார்கள். மன்னர்களுக்கு மேலே இருந்த நடுவர் அங்கே வலுவிழந்தார்.

ஆனால் "அடுத்தவர் உள்விவகாரத்தில் தலையிடாதே" என்ற விதியை அதில் தேடாதீர்கள். பிரான்சும் ஸ்வீடனும் அதன் உத்தரவாதிகள், மீறினால் தலையிடும் உரிமை அவர்களுக்கு உண்டு. பேரரசரின் குடும்பமான ஹாப்ஸ்பர்க்கின் சொந்த நிலங்களான ஆஸ்திரியா, பொஹீமியாவில் 1624 விதி பெரும்பாலும் செல்லவும் இல்லை. சால்ஸ்பர்க் பேராயர் 1731இல் சுமார் 20,000 புராட்டஸ்டன்ட்களை வெளியேற்ற உத்தரவிட்டு, நிலமில்லாதவர்களுக்குச் சில நாள் கெடு மட்டும் கொடுத்தபோது, வெளியேற மூன்று ஆண்டு அவகாசம் தர வேண்டும் என்று பேரரசின் புராட்டஸ்டன்ட் அரசுகள் இதே உடன்படிக்கையைக் காட்டித்தான் வாதாடின. வாதம் ஜெயிக்கவில்லை, பிரஷ்யா மன்னர் அந்த மக்களில் பெரும்பாலோரை ஏற்றுக்கொண்டார்.

இதையெல்லாம் நாம் நுணுக்கமாகப் பேச முடிவது, தூதர்களின் கடிதங்களை ஜெர்மன் அறிஞர்கள் 1962இலிருந்து தொகுதி தொகுதியாகப் பதிப்பித்ததால்தான். உடனே பலன் கேட்காமல் பத்தாண்டுக் கணக்கில் பணம் தரும் அமைப்புகள் இருந்தால்தான் இப்படிப்பட்ட வேலை நடக்கும், வரலாற்று ஆய்வுக்கு அப்படித்தான் நிதி தர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

எல்லா நாடுகளும் சமம், ஒன்றின் ஆட்சியில் இன்னொன்று கைவைக்கக் கூடாது என்பதைத் தெளிவாக எழுதியவர் ஸ்விட்சர்லாந்துக்காரரான சட்ட அறிஞர் வாட்டெல், அதுவும் 1758இல். 1648இல் கையெழுத்திட்டவர்கள் ஓர் உள்நாட்டுப் பூசலை நிறுத்தினார்கள், பேரரசையும் 1806 வரை உயிரோடு வைத்திருந்தார்கள். பின்னால் வந்த சட்ட அறிஞர்கள்தான் அதைத் தங்கள் கருத்தின் பிறந்தநாளாக ஆக்கிக்கொண்டார்கள்.