நான்காம் நாளே ஜெயித்த தலைப்பு

சிறு கடைகளுக்கு ஜிஎஸ்டி பில் போடும் மென்பொருள் விற்கிற ஒரு நிறுவனம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். விளம்பரத்தைக் கிளிக் செய்கிறவர்கள் நேராக வந்து சேரும் லேண்டிங் பேஜில் ‘கடைக்காரர்களுக்கான பில்லிங் மென்பொருள்’ என்று தலைப்பு இருக்கிறது. வருகிறவர்களில் நூற்றுக்கு நான்கு பேர் டெமோ வேண்டும் என்று போன் நம்பரைக் கொடுக்கிறார்கள். தலைப்பை ‘இரண்டு நிமிடத்தில் ஜிஎஸ்டி பில்’ என்று மாற்றினால் இன்னும் அதிகம் பேர் கேட்பார்களா என்று பார்க்க ஆசை. ஒரு நாளைக்கு 1,000 பேர் வருகிறார்கள். பாதிப் பேருக்கு ‘ஏ’ என்ற பழைய தலைப்பு, பாதிப் பேருக்கு ‘பி’ என்ற புதியது. யாருக்கு எது என்பதைக் குலுக்கல் முறையில் கம்ப்யூட்டரே முடிவு செய்யும். இதுதான் ஏ/பி டெஸ்ட்.

நான்காம் நாள் மாலை கணக்கு இப்படி இருக்கிறது. பழைய தலைப்பைப் பார்த்த 2,000 பேரில் 72 பேர் டெமோ கேட்டிருக்கிறார்கள். புதியதைப் பார்த்த 2,000 பேரில் 100 பேர். டெஸ்ட் நடத்தும் கருவி பச்சை நிறத்தில், ‘பி 39% மேல், நம்பகம் 97%’ என்று காட்டுகிறது. பெரும்பாலானவர்கள் இந்த இடத்தில் டெஸ்டை நிறுத்திவிட்டுப் புதிய தலைப்பைப் போட்டுவிடுவார்கள். அப்படி நிறுத்தக் கூடாது. ஏன் என்று பார்க்க, முதலில் இந்த எண்கள் எவ்வளவு ஆடும் என்று தெரிய வேண்டும்.

நூற்றுக்கு நான்கு என்பது நீண்ட நாள் சராசரி. 500 பேர் வந்தால் 20 பேர் கேட்க வேண்டும். ஆனால் எதையுமே மாற்றாத பக்கத்தில்கூட ஒரு நாள் 13 பேர் கேட்பார்கள், இன்னொரு நாள் 27 பேர். புள்ளியியல் கணக்குப்படி 11 முதல் 29 வரை எந்த எண் வந்தாலும் அது சாதாரண நாள்தான். கூட்டம் கூடக்கூட இந்த ஆட்டம் சதவீதக் கணக்கில் குறையும். ஆனால் மெதுவாகத்தான் குறையும். ஆட்டம் பாதியாக வேண்டுமானால் நான்கு மடங்கு பேர் வர வேண்டும். எத்தனை பேர் வேண்டும் என்ற கணக்கு முழுவதும் இந்த ஒரு விஷயத்திலிருந்துதான் பிறக்கிறது.

எனவே டெஸ்டைத் தொடங்கும் முன்பே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: எவ்வளவு சிறிய முன்னேற்றம் வரை நமக்குத் தெரிந்தாக வேண்டும்? நான்கு சதவீதம் ஐந்தானால் நம் கடைக்கு லாபம், அதற்குக் குறைந்தால் பெரிதாகப் பலனில்லை என்று முடிவு செய்கிறோம் என்று வைப்போம். அப்போது ஒரு தலைப்புக்கு எத்தனை பேர் தேவை என்பதற்கு மனக்கணக்காகவே போடக்கூடிய ஒரு சூத்திரம் இருக்கிறது:

```
n = 16 * p * (1 - p) / (d * d)
n = 16 * 0.045 * 0.955 / (0.01 * 0.01) = 6876
```

இதில் p என்பது இரண்டு விகிதங்களுக்கும் நடுவில் உள்ள எண். d என்பது நாம் பிடிக்க நினைக்கும் வித்தியாசம். 16 என்ற எண்ணுக்குள் இரண்டு வாக்குறுதிகள் அடங்கியிருக்கின்றன. தலைப்புகளுக்கு இடையே வித்தியாசமே இல்லாதபோது ‘இருக்கிறது’ என்று ஏமாறும் வாய்ப்பு 5 சதவீதத்தைத் தாண்டாது. உண்மையிலேயே ஒரு புள்ளி வித்தியாசம் இருந்தால், அதைக் கண்டுபிடிக்க 80 சதவீத வாய்ப்பு உண்டு. நாளுக்கு 500 பேர் வீதம் 6,876 பேர் வர கிட்டத்தட்ட 14 நாள் ஆகும். சனி, ஞாயிறு வருகிறவர்களும் வேலை நாளில் வருகிறவர்களும் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை என்பதால் எப்படியும் முழு வாரங்களாகத்தான் ஓட்ட வேண்டும். ஆக, இரண்டு வாரம், தலைப்புக்கு 7,000 பேர்.

பேராசைப்பட்டு அரைப் புள்ளி வித்தியாசத்தைக்கூடப் பிடித்துவிடலாம் என்று நினைத்தால் d பாதியாகிறது, தேவையான கூட்டம் சுமார் 26,000 ஆகிவிடுகிறது. அதற்கு ஏழரை வாரம் வேண்டும். அவ்வளவு நாள் இழுத்தால் வேறு சிக்கல் வரும். யார் எந்தத் தலைப்பைப் பார்த்தார் என்பதைப் பல கருவிகள் பிரவுசரில் வைக்கும் குக்கீயை வைத்துத்தான் நினைவில் வைத்துக்கொள்கின்றன. ஜாவாஸ்கிரிப்ட் வைக்கும் குக்கீகளை ஆப்பிளின் சஃபாரி ஏழு நாளில் அழித்துவிடும். ஐபோனில் பத்து நாள் கழித்துத் திரும்பி வருகிறவர் புது ஆளாக எண்ணப்படுவார், மற்ற தலைப்பையும் பார்த்துவிடக்கூடும். நாளுக்கு நூறு பேர் மட்டுமே வரும் பக்கம் என்றால் என் கருத்து, தலைப்பு டெஸ்டே வேண்டாம். ஒரு புள்ளி வித்தியாசத்தைப் பிடிக்கவே நாலரை மாதம் ஆகும். அந்த நேரத்தில் டெமோ கேட்ட இருபது கடைக்காரர்களிடம் போனில் பேசினால் அதைவிட அதிகம் தெரியும்.

சரி, நான்காம் நாளுக்கு வருவோம். அந்த 97 சதவீதம் என்ன சொல்கிறது? புதிய தலைப்பு சிறந்ததாக இருக்க 97 சதவீத வாய்ப்பு என்று பலர் படிக்கிறார்கள். அது அர்த்தம் இல்லை. இரண்டு தலைப்புகளும் உண்மையில் ஒன்றே என்றாலும், தற்செயலாக மட்டுமே இவ்வளவு வித்தியாசம் தெரிய மூன்று சதவீத வாய்ப்பு இருக்கிறது என்பதே அர்த்தம். அதுவும் எந்த நாளில் பார்ப்பது என்று முன்பே குறித்துவைத்து, அந்த ஒரே முறை பார்த்திருந்தால்தான் அந்தக் கணக்கு செல்லும்.

தினமும் எட்டிப் பார்க்கிறவருக்கு அது செல்லாது. ஒரே தலைப்பை இரண்டு பக்கமும் போட்டு டெஸ்ட் ஓட்டினால்கூட, இரண்டுக்கும் இடையிலான இடைவெளி மேலும் கீழும் அலைந்துகொண்டே இருக்கும். கடைசி நாளில் மட்டும் பார்த்தால் அது 5 சதவீத எல்லையைத் தாண்டி நிற்கும் வாய்ப்பு 5 சதவீதமே. ஆனால் ‘எப்போது தாண்டினாலும் அங்கேயே நிறுத்துவேன்’ என்றால், வழியில் ஒரே ஒரு முறை தாண்டினாலே போதும் என்று ஆகிவிடுகிறது. புள்ளியியலாளர் பீட்டர் ஆர்மிட்டேஜும் உடன் ஆய்வாளர்களும் 1969-இல் இதைக் கணக்கிட்டுக் காட்டினார்கள். ஐந்து முறை பார்த்தால் ஏமாறும் வாய்ப்பு 14 சதவீதம். பத்து முறைக்கு 19. இருபது முறைக்கு 25. அவர்கள் யோசித்தது மருத்துவச் சோதனைகளை மனதில் வைத்து. லேண்டிங் பேஜுக்கும் கணக்கு ஒன்றுதான்.

இதன் விளைவு எவ்வளவு பெரியது என்பது, நல்ல யோசனைகள் எவ்வளவு அரிது என்று தெரிந்தால்தான் உறைக்கும். மைக்ரோசாஃப்டில் இத்தகைய சோதனைகளை நடத்திய ரோனி கோஹாவி, கூகுளிலும் பிங்கிலும் 10 முதல் 20 சதவீத சோதனைகள்தான் நல்ல பலன் தருகின்றன என்று எழுதியிருக்கிறார். நூறு தலைப்புகளைச் சோதிக்கிறோம், அதில் பதினைந்துதான் நிஜமாகவே நல்லவை என்று வைப்போம். 80 சதவீத வாய்ப்பில் அவற்றில் பன்னிரண்டு பிடிபடும். மீதி எண்பத்தைந்தில், கடைசி நாள் மட்டும் பார்த்தால், 5 சதவீதக் கணக்கில் நான்கு ஏமாற்றும், அதில் பாதி புதியது தோற்றதாகத் தெரியும் என்பதால் இரண்டு தலைப்புகள் தவறாக ஜெயிக்கும். இருபது முறை பார்த்துக்கொண்டே இருந்தால் தவறாக ஜெயிப்பவை பத்து பதினொன்று ஆகிவிடும். அதாவது, ஜெயித்ததாகக் கொண்டாடும் தலைப்புகளில் கிட்டத்தட்ட பாதி வெறும் தற்செயல்.

நம் டெஸ்டை நிறுத்தாமல் பதினான்கு நாளும் ஓட்டியிருந்தால்? பழைய தலைப்பு 7,000 பேரில் 285, புதியது 7,000 பேரில் 308 என்று முடிந்ததாக வைத்துக்கொள்ளுங்கள். 4.07-க்கு எதிராக 4.40 சதவீதம். 39 சதவீத முன்னேற்றம் எட்டாகச் சுருங்கிவிட்டது. தற்செயலாக இவ்வளவு வித்தியாசம் தெரியும் வாய்ப்பு சுமார் 33 சதவீதம். நான்காம் நாளுக்குப் பிறகு வந்தவர்களை மட்டும் பிரித்துப் பார்த்தால் பழையது 213, புதியது 208. முதல் நான்கு நாள் அதிர்ஷ்டத்தைத் தவிர அங்கே ஒன்றும் இல்லை. எல்லையைத் தாண்டிய கணத்தில் நிறுத்துவதன் இன்னொரு தீங்கும் இதில் தெரிகிறது. இடைவெளி மிகவும் அகலமாக இருக்கும் நேரம் பார்த்துத்தான் நிறுத்துகிறோம். எனவே தலைப்பு நிஜமாகவே நல்லது என்றாலும், ரிப்போர்ட்டில் போகும் எண் ஊதிப்போனதாகவே இருக்கும்.

‘வித்தியாசம் இல்லை’ என்றும் இதை எழுதிவிட முடியாது. உண்மையான வித்தியாசம் மைனஸ் 0.3 புள்ளியிலிருந்து பிளஸ் 1 புள்ளி வரை எங்கும் இருக்கலாம் என்பதுதான் நம் தரவு சொல்வது. தலைப்பை மாற்ற எந்தச் செலவும் இல்லை என்பதால் புதியதை வைத்துக்கொண்டால் குற்றமில்லை. டெமோ கூடும் என்று விற்பனைப் பிரிவுக்குச் சொல்லி ஆள் எடுக்க வைப்பதுதான் தவறு. ‘இன்னும் ஒரு வாரம் ஓட்டிப் பார்ப்போமே’ என்பதும் எட்டிப் பார்ப்பதன் இன்னொரு வடிவமே. சிறிய வித்தியாசமும் முக்கியம் என்று இப்போது தோன்றினால், அதற்குரிய கூட்டத்தைக் கணக்குப் போட்டுப் புதிய டெஸ்டாகத் தொடங்க வேண்டும்.

அப்படியானால் நடுவில் பார்க்கவே கூடாதா? பார்க்கலாம். அதற்கான விலையை முன்பே கட்டிவிட வேண்டும். இரண்டாம் உலகப் போரின்போது கொலம்பியா பல்கலைக்கழகத்தில் புள்ளியியலாளர் ஆபிரகாம் வால்ட் இதற்கு வழி கண்டார். வெடிபொருள் சோதனையில் ஒவ்வொரு முடிவும் வர வர நிறுத்தலாமா தொடரலாமா என்று தீர்மானிக்கும் முறை அது. போர்க்காலத்தில் அதை ரகசியமாக வைத்திருந்து 1945-இல்தான் வெளியிட்டார்கள். 1977-இல் புள்ளியியலாளர் ஸ்டூவர்ட் போகாக் எளிய விதி ஒன்றைத் தந்தார். ஐந்து முறை பார்ப்பேன் என்று முன்பே முடிவு செய்தால், ஒவ்வொரு முறையும் 5 சதவீத எல்லைக்குப் பதில் 1.58 சதவீத எல்லையை வைத்துக்கொள்ளுங்கள், மொத்தத்தில் ஏமாறும் வாய்ப்பு 5-ஐத் தாண்டாது. நம் நான்காம் நாள் முடிவு தற்செயலாக வரும் வாய்ப்பு 2.9 சதவீதம், 1.58-ஐ விட அதிகம். இந்த விதிப்படி அது ஜெயிக்கவே இல்லை. இந்தச் சலுகைக்கு ஈடாக, கடைசி வரை ஓட வேண்டி வந்தால் கூட்டம் சற்று அதிகமாகத் தேவைப்படும்.

வேறொரு காரணத்துக்காக முதல் நாளே எட்டிப் பார்க்கத்தான் வேண்டும்: டெஸ்ட் சரியாக ஓடுகிறதா என்று. யார் ஜெயிக்கிறார் என்பதை விட்டுவிட்டு ஒவ்வொரு பக்கமும் எத்தனை பேர் வந்தார்கள் என்று மட்டும் பாருங்கள். பாதிக்குப் பாதி பிரிக்கும்போது 7,000-க்கு 6,900 வந்தால் சாதாரணம். 7,000-க்கு 6,600 என்று வந்தால் ஆயிரம் டெஸ்டில் ஒன்றில்கூட அது தற்செயலாக நடக்காது. பெரும்பாலும், புதிய தலைப்பு வேறு முகவரியில் இருக்கும், அங்கே திருப்பிவிட ஒரு நொடி ஆகும், மெதுவான போனில் வந்தவர்கள் எண்ணப்படும் முன்பே கிளம்பிவிட்டிருப்பார்கள். மிஞ்சியவர்கள் பொறுமைசாலிகள் என்பதால் டெமோ கேட்கும் விகிதமும் கூடித் தெரியும். அப்போது எந்தக் கணக்கும் உதவாது. இரண்டு தலைப்பையும் ஒரே முகவரியிலேயே காட்டும்படி மாற்றி, அதுவரை வந்த தரவை ஒதுக்கிவிட்டு, பூஜ்யத்திலிருந்து மறுபடி எண்ண வேண்டும்.