டிஸ்சார்ஜ் சம்மரியில் நோயின் காரணம் தவறாக இருந்தால்: மருத்துவமனைக்கு எழுத வேண்டிய திருத்தக் கடிதம்

அருமனைப் பக்கத்தில் ரப்பர் பால்வெட்டும் ஒருவர் கடுமையான வயிற்றுவலியோடு ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்ந்தார். ஏழு நாள் படுத்திருந்து, ஒரு லட்சத்துப் பதினெட்டாயிரம் ரூபாய் கட்டி வீட்டுக்கு வந்தார். பாலிசி இருந்தது, ஆனால் அந்த மருத்துவமனையில் கேஷ்லெஸ் வசதி இல்லை. பணத்தைத் திரும்ப வாங்க கிளெயிம் படிவம் நிரப்பித் தரும்படி என்னிடம் கொண்டுவந்தார். சம்மரியைப் படித்தவுடன் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தேன். நோய் என்ற இடத்தில் ‘அக்யூட் பான்கிரியாடைட்டிஸ், எத்தனால் ரிலேட்டட்’ என்று அச்சடித்திருந்தது. அதாவது, குடியால் வந்த கணைய அழற்சி.

“நான் தொட்டதே கெடையாது அண்ணே, ஊர்ல யாருகிட்ட வேணும்னாலும் கேளுங்க” என்றார். அவருக்கு அழுகையே வந்துவிட்டது. பணத்தைவிட அந்த ஒரு சொல்தான் அவரை அதிகம் சுட்டது.

கிளெயிமுக்கு அந்தச் சொல் என்ன செய்யும் என்று பார்ப்போம். மருத்துவக் காப்பீட்டில் எல்லா நிறுவனங்களும் பயன்படுத்தும் பொதுவான விலக்குகள் சில உண்டு. குடிப்பழக்கம், போதைப்பழக்கம் ஆகியவற்றுக்கான சிகிச்சையும் அவற்றால் வரும் விளைவுகளும் அதில் ஒன்று. பாலிசிப் புத்தகத்தில் அதன் பக்கத்தில் Excl12 என்று போட்டிருக்கும். கிளெயிமைப் பார்க்கும் அதிகாரி நோயாளியின் முகத்தைப் பார்ப்பதில்லை, தாளைத்தான் பார்க்கிறார். தாளில் எத்தனால் என்று இருந்தால் அந்த விலக்கைக் காட்டி மறுப்பது அவருக்கு மிக எளிது.

சரி, தவறு என்று எப்படி உறுதியாகச் சொன்னேன்? அதே சம்மரியின் இரண்டாம் பக்கத்தில் ஸ்கேன் முடிவு இருந்தது: பித்தப்பையில் பல கற்கள், பெரியது 9 மில்லிமீட்டர், பித்தக் குழாய் லேசாக விரிந்திருக்கிறது. சேர்ந்த நாளின் ரத்தப் பரிசோதனையில் எஸ்.ஜி.பி.டி. என்ற கல்லீரல் நொதி 240. கணைய அழற்சியில் முதல் இரண்டு நாட்களுக்குள் இது 150-ஐத் தாண்டினால் கல்தான் காரணமாக இருக்க வேண்டும் என்று மருத்துவர்கள் வலுவாகச் சந்தேகிப்பார்கள். கீழே ‘ஆறு வாரம் கழித்துப் பித்தப்பையை அகற்ற வர வேண்டும்’ என்ற குறிப்பு. அதற்கும் கீழே ‘மதுவை அறவே தவிர்க்கவும்’. ஆக, ஒரே தாள் இரண்டு நோயாளிகளைப் பற்றிப் பேசுகிறது. பெரும்பாலும் இப்படித்தான் நடக்கும்: அதே நோயோடு முன்பு வந்த வேறொருவரின் சம்மரியைக் கணினியில் திறந்து, பெயரையும் பரிசோதனை எண்களையும் மாற்றிவிட்டு, மற்ற வரிகளை அப்படியே விட்டுவிடுவார்கள்.

இங்கே இன்னொன்றையும் பார்த்துக்கொள்ள வேண்டும். காரணம் பித்தப்பைக் கல் என்று திருத்தினால் மட்டும் கிளெயிம் தப்பிவிடாது. பித்தப்பைக் கல்லுக்குப் பல பாலிசிகளில் 24 மாதக் காத்திருப்புக் காலம் உண்டு, பாலிசி தொடங்கி அதற்குள் சிகிச்சை எடுத்தால் பணம் தரமாட்டார்கள். இவருடைய பாலிசி தொடர்ந்து நான்காவது வருடம் ஓடிக்கொண்டிருந்ததால் அந்தக் கவலை இல்லை. கடிதம் எழுத உட்காரும் முன் பாலிசியின் தொடக்கத் தேதியைப் பார்த்துவிடுங்கள்.

மருத்துவமனையிடம் கேட்க நமக்கு என்ன உரிமை? இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002-ஆம் ஆண்டு நடத்தை விதிகள் இன்றும் நடைமுறையில் உள்ளன. உள்நோயாளியின் ஆவணங்களை, சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து மூன்று ஆண்டு மருத்துவர் வைத்திருக்க வேண்டும் என்கிறது 1.3.1. நோயாளியோ அவர் அனுமதித்தவரோ கேட்டால், விண்ணப்பம் பெற்றதற்கு ஒப்புகை கொடுத்து, 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைத் தர வேண்டும் என்கிறது 1.3.2. கவனியுங்கள், இந்த 72 மணி நேரம் பிரதி தருவதற்குத்தான். சம்மரியைத் திருத்தித் தர அந்த விதியில் கெடு இல்லை. அதனால் ஒரே கடிதத்தில் இரண்டையும் கேட்க வேண்டும்: திருத்திய சம்மரி, கூடவே உள்நோயாளிக் கோப்பின் முழுப் பிரதி. இரண்டாவதைத் தர மறுக்க அவர்களுக்கு வழியில்லை. அது கைக்கு வந்துவிட்டால் முதலாவதற்கான சான்றும் வந்துவிடும்.

வாயால் கேட்டால் ‘டாக்டர் ரவுண்ட்ஸ் போயிருக்கார், நாளைக்கு வாங்க’ என்ற பதிலோடு பத்து நாள் போய்விடும். எழுத்தில் கொடுங்கள். இவருக்காக எழுதிய கடிதம் இது. பெயர், எண், தேதி இருந்த இடங்களை மட்டும் காலியாக விட்டிருக்கிறேன்.

பெறுநர்: மருத்துவக் கண்காணிப்பாளர், ........ மருத்துவமனை.
நகல்: சிகிச்சை அளித்த மருத்துவர், மருத்துவ ஆவணப் பிரிவு.

பொருள்: டிஸ்சார்ஜ் சம்மரியில் நோயின் காரணம் தவறாக உள்ளது, திருத்தமும் ஆவணப் பிரதியும் கோருதல். உள்நோயாளி எண் ........

ஐயா,

நான் ........ முதல் ........ வரை தங்கள் மருத்துவமனையில் உள்நோயாளியாக இருந்தேன். எனக்குத் தரப்பட்ட சம்மரியின் முதல் பக்கத்தில் கணைய அழற்சிக்குக் காரணம் மது என்று உள்ளது. எனக்கு மதுப் பழக்கம் இல்லை.

அதே சம்மரியின் இரண்டாம் பக்கத்தில், ........ தேதியிட்ட ஸ்கேனில் பித்தப்பைக் கற்களும் பித்தக் குழாய் விரிவும் பதிவாகியுள்ளன. சேர்ந்த நாளில் எஸ்.ஜி.பி.டி. 240 உள்ளது. பித்தப்பையை அகற்றவும் தாங்களே அறிவுறுத்தியுள்ளீர்கள். நான் சேர்ந்த அன்று செவிலியர் எழுதிய பதிவையும் மருத்துவர் எழுதிய நோய் வரலாற்றையும் சரிபார்க்க வேண்டுகிறேன்.

கோப்பைப் பார்த்து, மருத்துவரின் கருத்தில் மேற்கண்டது பிழை என்றால், (1) திருத்திய சம்மரியை, திருத்திய தேதி, காரணம், மருத்துவரின் கையொப்பம், பதிவு எண், முத்திரையோடு வழங்கவும். (2) மதுவைத் தவிர்க்கச் சொல்லும் குறிப்பையும், கிளெயிம் படிவத்தின் பகுதி ‘பி’-யில் உள்ள நோய்க் குறியீட்டையும் அதற்கேற்பத் திருத்தவும். (3) முதல் சம்மரியில் பிழை நேர்ந்தது எப்படி என்று ஒரு விளக்கச் சான்று தரவும்.

பிழை இல்லை என்று கருதினால், எந்தப் பதிவின் அடிப்படையில் என்பதை எழுத்தில் தரவும்.

இவற்றோடு எனது உள்நோயாளிக் கோப்பின் முழுப் பிரதியை 2002-ஆம் ஆண்டு விதிகளின் 1.3.2 பிரிவின்படி 72 மணி நேரத்துக்குள் தரக் கோருகிறேன். பிரதிக் கட்டணம் செலுத்தத் தயார். காப்பீட்டுக் கிளெயிமைத் தாக்கல் செய்யக் கடைசி நாள் ........

கடிதம் இவ்வளவுதான். கோபம், மிரட்டல் எதுவும் வேண்டாம். ‘எனக்குக் கிளெயிம் கிடைக்க வேண்டும், மாற்றித் தாருங்கள்’ என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அந்த வாசகம் காப்பீட்டு நிறுவனத்தின் கையில் கிடைத்தால், பணத்துக்காக நோயையே மாற்றினார்கள் என்றுதான் படிப்பார்கள். அதனால்தான் கடிதம் முழுக்க அவர்களுடைய சொந்தப் பதிவுகளையே சுட்டுகிறது. உண்மையிலேயே குடிப்பவர் ஒருவருக்குக் கல்லால் நோய் வந்தாலும் இதே முறைதான்: பழக்கம் நோய் வரலாற்றில் இருக்கட்டும், காரணம் என்ற இடத்தில் ஸ்கேன் காட்டும் காரணம் வரட்டும். உண்மையான பதிவை மறைக்கச் சொல்லிக் கேட்கக் கூடாது.

பகுதி ‘பி’ என்று கடிதத்தில் வருகிறதே, அதைப் பலர் கவனிப்பதில்லை. கிளெயிம் படிவத்தில் மருத்துவமனை நிரப்பும் பகுதி அது. அதில் நோய்க்கு ஓர் எண் போடுவார்கள். கல்லால் வந்த கணைய அழற்சிக்கு K85.1, மதுவால் வந்ததற்கு K85.2. சம்மரியில் எழுத்தைத் திருத்திவிட்டுப் படிவத்தில் 2 அப்படியே இருந்தால் மறுபடியும் கேள்வி வரும்.

கடிதத்தை இரண்டு பிரதியாக எடுத்துப் போய், ஒன்றில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். முத்திரை போட மறுத்தால் ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பி, சேர்ந்ததற்கான சான்றை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். திருவனந்தபுரத்தில் சிகிச்சை எடுத்துவிட்டு வந்தவர்கள் மின்னஞ்சலும் அனுப்பலாம். சம்மரியின் மேற்பகுதியில் பெரும்பாலும் முகவரி இருக்கும். எக்காரணம் கொண்டும் வீட்டில் வைத்துப் பேனாவால் அடித்தோ, வெள்ளை மை பூசியோ திருத்தாதீர்கள். அது மோசடி ஆகி, பாலிசியையே ரத்து செய்யக் காரணம் கொடுத்துவிடும்.

கிளெயிம் கொடுக்க 15 நாள், 30 நாள் என்று பாலிசிக்குப் பாலிசி கெடு மாறும். திருத்தம் தாமதமானால் கெடுவைத் தவறவிட வேண்டாம். கையில் இருக்கும் சம்மரி, முத்திரை வாங்கிய கடிதத்தின் நகல், ‘திருத்திய சம்மரி பின்னர் தரப்படும்’ என்ற முகப்புக் கடிதம், இந்த மூன்றையும் வைத்துத் தாக்கல் செய்யுங்கள். பழைய சம்மரியை ஒளித்து வைப்பதால் பயனில்லை. நிறுவனம் ஆள் அனுப்பி மருத்துவமனைக் கோப்பைப் பார்க்கும்போது அது வெளியே வரும், அப்போது நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

மருத்துவமனை அசையவே இல்லை என்றால், தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டம், 1997-இன் கீழ் மாவட்ட சுகாதாரப் பணிகள் இணை இயக்குநரிடம் மனு கொடுக்கலாம். நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையமும் இருக்கிறது. கிளெயிமை மறுத்தது காப்பீட்டு நிறுவனம் என்றால் முதலில் அவர்களுடைய குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள். bimabharosa.irdai.gov.in தளத்திலும் 155255 என்ற எண்ணிலும் புகாரைப் பதியலாம். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லை என்றாலோ ஒரு வருடத்துக்குள், இத்தகைய புகார்களை விசாரித்து முடிவு சொல்லும் காப்பீட்டு ஆம்பட்ஸ்மனிடம் போகலாம். கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம். நமக்குக் கேரளம் பக்கம் என்றாலும் குமரி மாவட்டம் சென்னை ஆம்பட்ஸ்மன் அலுவலகத்தின் எல்லைக்குள்தான் வருகிறது. cioins.co.in தளத்தில் புகார் கொடுக்கலாம், வீடியோ வழியாகவும் விசாரிக்கிறார்கள். அதனால் சென்னைக்கு ரயில் ஏறும் அவசியம் பெரும்பாலும் வராது.

அருமனைக்காரருக்கு அவ்வளவு தூரம் போகவில்லை. மூன்றாம் நாள் கோப்பின் பிரதி வந்தது. செவிலியர் பதிவில் ‘பழக்கம்: வெற்றிலை பாக்கு. மது இல்லை’ என்று நீல மையில் இருந்தது. அந்தப் பக்கத்தைக் காட்டியதும் மருத்துவர் எதுவும் மறுத்துப் பேசவில்லை, திருத்தச் சம்மதித்தார். ஆறாம் நாள் திருத்திய சம்மரி வந்தது. காரணம் பித்தப்பைக் கல் என்று மாறியிருந்தது, ஆனால் கடைசிப் பக்கத்தில் ‘மதுவை அறவே தவிர்க்கவும்’ அப்படியே இருந்தது. மறுபடியும் ஒரு முறை போய் அதையும் எடுக்கச் சொல்லி வாங்கினோம். கையுறை, பஞ்சு மாதிரிச் சில்லறைகளைக் கழித்து மீதிப் பணம் வந்தது. பிறகு பித்தப்பை அறுவைக்கு வேறொரு மருத்துவமனையில் கேஷ்லெஸ் கேட்டபோது, நிறுவனம் முதலில் கேட்ட தாள் அந்தப் பழைய அட்மிஷனின் சம்மரிதான்.