களிமண் எதுவரை பிள்ளையார்?

போன வருஷம் விநாயகர் சதுர்த்தி முடிந்த மூன்றாம் நாள் ஒரு வீட்டுக்காரர் என் வக்கீல் அலுவலகத்துக்கு வந்தார். கிணற்றடியில் வைத்திருந்த களிமண் பிள்ளையாரைக் குடியிருப்பவர் காலால் உதைத்து உடைத்துவிட்டாராம். குடியிருப்பவர் கறுப்புச் சட்டைக்காரர். "உள்ளே தள்ள முடியுமா சார்?" என்றார். இப்படி யார் வந்தாலும் நான் முதலில் 1953 திருச்சி கதையைத்தான் சொல்வேன்.

அந்த வருஷம் மே 27, புத்தர் பிறந்த நாள். திருச்சி டவுன்ஹால் மைதானத்தில் பெரியார் ஒரு களிமண் பிள்ளையாரைப் போட்டு உடைத்தார். நிமிர்ந்து பார்த்தால் மலைக்கோட்டை உச்சிப் பிள்ளையார் தெரிகிற ஊர் அது. ஆனால் கோயிலில் இருந்த எந்தச் சிலையையும் அவர் தொடவில்லை. கீழ் நீதிமன்றங்கள் பார்த்த வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது. கோயில் மூர்த்தியைத் தொட்டிருந்தால் வழக்கு வேறு மாதிரி போயிருக்கும்.

வீரபத்திரன் செட்டியார் என்ற சைவர் புகார் கொடுத்தார். இந்திய தண்டனைச் சட்டம் 295, 295ஏ பிரிவுகள். இரண்டையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். 295 என்பது ஒரு சமயத்தார் புனிதமாகக் கருதும் பொருளை, அவர்களை அவமதிக்கும் நோக்கத்தோடோ, அவர்கள் அதை அவமதிப்பாக எடுத்துக்கொள்வார்கள் என்று தெரிந்தோ உடைப்பது. 295ஏ பேச்சு, எழுத்து போன்றவற்றால், வேண்டுமென்றே, கெட்ட எண்ணத்தோடு மத உணர்வைப் புண்படுத்துவது. இந்த இரண்டாவதை நீதிமன்றம் விசாரணைக்கு எடுக்கவே அரசின் முன் அனுமதி வேண்டும். 2024 ஜூலையிலிருந்து இவை பாரதிய நியாய சன்ஹிதாவில் 298, 299.

மாஜிஸ்திரேட் புகாரைத் தள்ளினார். வெறும் மண் பொம்மை, புனிதப் பொருள் ஆகாது என்பது அவர் கணக்கு. செஷன்ஸ் நீதிபதியும் ஏறக்குறைய அதையே சொன்னார்: உடைத்தவர்கள் மனம் புண்பட வேண்டும் என்றுதான் உடைத்தார்கள், சரி, ஆனால் உடைத்தது அவர்களுடைய சொந்தப் பொருள்தானே? உயர் நீதிமன்றமும் தலையிடவில்லை.

1958 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் இந்த வாதத்தை ஏற்கவில்லை. பொருள் எவ்வளவு அற்பமானதாக இருந்தாலும், ஒரு வகுப்பார் அதைப் புனிதமாகக் கருதினால் போதும்; அது பூஜையில் இருந்திருக்க வேண்டும் என்றுகூட இல்லை என்றது. அந்த நம்பிக்கை அறிவுக்குப் பொருந்துகிறதா என்று நீதிபதி எடைபோடக் கூடாது என்றும் சேர்த்துச் சொன்னது. ஆனால் ஐந்து வருஷம் ஓடிவிட்டதால் பழைய புகாரைக் கிளற விரும்பாமல் மேல்முறையீட்டைத் தள்ளிவிட்டது. சட்டம் செட்டியார் பக்கம், முடிவு பெரியார் பக்கம்.

என் பார்வையில், பெரியார் கைவைத்தது பக்தியின் மிக வழுக்கலான இடத்தில். நாமே மண்ணைப் பிசைகிறோம், நாமே கும்பிடுகிறோம், நாமே கிணற்றில் கரைக்கிறோம். இதில் கடவுள் எங்கே என்பது அவர் கேள்வி. கும்பிடுகிறவருக்கு இது புதுச் செய்தியே இல்லை. மஞ்சளைப் பிடித்து வைத்தால் பிள்ளையார், பூஜை முடிந்தால் மறுபடியும் மஞ்சள். அதனால்தான் உடைத்த காட்சியால் கோபம் வந்ததே தவிர, கொழுக்கட்டை நிற்கவில்லை. அண்ணா இதைப் புரிந்துகொண்டார் என்று நினைக்கிறேன். பிள்ளையாரையும் உடைக்க மாட்டேன், பிள்ளையாருக்குத் தேங்காயும் உடைக்க மாட்டேன் என்று அவர் நடுவில் நின்றது ஓட்டுக் கணக்கு மட்டும் இல்லை.

எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்த சீனியர் பழைய சுயமரியாதைக்காரர். ஆயுத பூஜையன்று குமாஸ்தா சட்டப் புத்தகக் கட்டின் மேல் மஞ்சள் பிள்ளையாரை வைத்து அருகம்புல் சொருகுவார். சீனியர் பூஜை முடியும்வரை வராந்தாவில் பேப்பர் படிப்பார். அப்புறம் வந்து பொரிகடலை கேட்பார். முப்பது வருஷம் இருவரும் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

சரி, வீட்டுக்காரருக்கு வருவோம். உதைத்ததைப் பார்த்தது யார் என்று கேட்டேன். அவருடைய அம்மா. அந்த அம்மாவையும் அழைத்து வரச் சொன்னேன். "பூஜை முடிஞ்சதும் வடக்கே நகர்த்தி வெச்சாச்சு தம்பி. அதுக்கு மேல அது மண்ணுதானே. கரைக்கத்தான் இவனுக்கு நேரமில்லை" என்றார்.

1958 தீர்ப்பை வைத்துக்கொண்டு, பூஜையில் இல்லாவிட்டாலும் புனிதம்தான் என்று நான் வாதாடலாம். ஆனால் அந்தத் தீர்ப்புக்கும் ஒரு வகுப்பார் அந்தப் பொருளைப் புனிதமாகக் கருத வேண்டும். நம் பக்கத்து ஒரே சாட்சியோ கூண்டில் ஏறி, அது மண் என்று சொல்லப்போகிறார். அதோடு, உதைத்தவர் இருட்டில் வாளியோடு வந்து தடுக்கினாரா, வேண்டுமென்றே உதைத்தாரா என்பதும் அம்மாவுக்குத் தெரியவில்லை. அவமதிக்கும் நோக்கமோ, அது அவமதிப்பாகப் படும் என்ற அறிவோ இல்லாமல் 298 நிற்காது.

வீட்டுக்காரர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, ஆறு மாத வாடகை பாக்கிக்கு என்ன செய்யலாம் என்று கேட்டார்.