"மிகக் குறைந்த நேரம்" என்று மட்டும் சொல்லிக் கொடுக்காதீர்கள்

கல்லூரியில் ஒளியியல் பாடம் நடத்தத் தொடங்கிய புதிதில், ஃபெர்மா தத்துவத்தை ஒரே வரியில் எழுதிப் போட்டுவிட்டு எதிரொளிப்பு விதிக்குப் போய்விடுவேன். "ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு ஒளி மிகக் குறைந்த நேரம் பிடிக்கும் பாதையில் செல்லும்." ஒருநாள் கடைசி பெஞ்சிலிருந்து ஒரு மாணவி கேட்டாள்: "சார், குறைந்த நேரம்தான் வேண்டும் என்றால் ஒளி நேராகவே போகலாமே. கண்ணாடிக்கு ஏன் போகிறது?"

அன்று என்னால் உருப்படியாகப் பதில் சொல்ல முடியவில்லை. குறை அவளுடைய கேள்வியில் இல்லை, நான் எழுதிய வரியில் இருந்தது. தேர்வுத்தாள் திருத்தும்போது அதே வரியை இன்றும் பார்க்கிறேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் எதிரொளிப்பு. மேசைமேல் ஒரு சமதளக் கண்ணாடி கிடக்கிறது. அதற்கு 30 செ.மீ. உயரத்தில் ஒரு விளக்கு, 60 செ.மீ. உயரத்தில் உங்கள் கண். இரண்டுக்கும் கிடைமட்ட இடைவெளி 120 செ.மீ. விளக்கிலிருந்து கண்ணுக்கு நேராக வரும் ஒளியும் உண்டு. அது தனிப் பாதை. இப்போது நாம் ஒப்பிடுவது கண்ணாடியைத் தொட்டு வரும் பாதைகளை மட்டுமே. மாணவிக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய பதில் இதுதான். எந்தப் பாதைகளுக்குள் ஒப்பிடுகிறோம் என்று சொல்லாமல் "குறைந்தது" என்றால் அதற்குப் பொருளே இல்லை.

விளக்குக்கு நேர்கீழே உள்ள புள்ளியிலிருந்து 20 செ.மீ. தள்ளித் தொட்டால் பாதையின் மொத்த நீளம் ஏறத்தாழ 152.7 செ.மீ. 60 செ.மீ. தள்ளித் தொட்டால் 151.9. சரியாக 40 செ.மீ. தள்ளித் தொட்டால் 50-உம் 100-உமாக 150 செ.மீ. இதுவே மிகக் குறைவு. அந்த இடத்தில் ஒரு பக்கம் 30-க்கு 40, மறுபக்கம் 60-க்கு 80. இரண்டும் ஒரே வடிவ முக்கோணங்கள் என்பதால் படுகோணமும் எதிரொளிப்புக் கோணமும் சமம். ஒளி முழுவதும் காற்றிலேயே செல்வதால், இங்கே நேரமும் நீளமும் ஒரே கதைதான். அலெக்சாண்டிரியாவின் ஹீரோ இதைக் குறுகிய பாதை என்றே சொல்லி நிறுவினார்.

ஒளிவிலகலில் அந்தக் கதை உடைந்துவிடும். நீர்மட்டத்துக்கு 30 செ.மீ. மேலே விளக்கு, 40 செ.மீ. ஆழத்தில் ஒரு நாணயம். கிடைமட்ட இடைவெளி 70 செ.மீ. நீரின் ஒளிவிலகல் எண் 4/3. அதாவது, காற்றில் ஒரு நானோ நொடிக்கு ஏறத்தாழ 30 செ.மீ. ஓடும் ஒளி, நீரில் 22.5 செ.மீ. தான் ஓடும். ஆகவே நீருக்குள் உள்ள நீளத்தை 4/3-ஆல் பெருக்கிக் கொண்டால், இரண்டு பகுதிகளையும் "காற்று செ.மீ." என்ற ஒரே அளவில் கூட்டலாம்.

நேர்கோட்டில் போனால் பாதையின் நீளம் 99 செ.மீ. நீர்ப்பகுதியைப் பெருக்கிக் கூட்டினால் 117.85. ஒளி உண்மையில் செல்லும் பாதையோ 40 செ.மீ. தள்ளி நீரைத் தொடுகிறது. காற்றில் 50, நீரில் 50, மொத்தம் 100 செ.மீ. நேர்கோட்டைவிட ஒரு செ.மீ. அதிகம். ஆனால் பெருக்கிக் கூட்டினால் 116.67 தான் வருகிறது. மெதுவாகப் போக வேண்டிய நீரில் தூரத்தைக் குறைத்து, வேகமாகப் போகும் காற்றில் கூட்டிக்கொண்டதால் கிடைத்த லாபம் இது. ஒரு மாணவனின் விடையில் கதிர் வளையாமல் நேராகவே வந்தால், அவன் நேரத்துக்குப் பதில் நீளத்தைக் குறைத்திருக்கிறான் என்று உடனே தெரிந்துகொள்ளலாம்.

அந்தப் புள்ளி ஏன் 40-இல் நிற்கிறது? நுண்கணிதம் இல்லாமலே இதைக் காட்டலாம். தொடுபுள்ளியை நாணயத்தின் பக்கமாக 1 செ.மீ. நகர்த்துங்கள். காற்றுப் பாதை 50-லிருந்து 50.80 ஆகிறது, 0.80 கூடியது. நீர்ப் பாதை ஏறத்தாழ 0.60 குறைகிறது; அதை 4/3-ஆல் பெருக்கினால் அதுவும் 0.80. வரவும் செலவும் சரியாகிவிட்டது. அந்த 0.80 என்பது படுகோணத்தின் சைன், அதாவது 40/50. அந்த 0.60 என்பது விலகுகோணத்தின் சைன், அதாவது 30/50. ஆக,

sin i = (4/3) × sin r

ஸ்நெல் விதி வந்துவிட்டது. கோணங்களை நீர்ப்பரப்பிலிருந்து அளக்காமல், அதற்குச் செங்குத்தான கோட்டிலிருந்து அளக்க வேண்டும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது.

ஃபெர்மா இதைச் செய்தது 1662-இல். அவர் துலூஸ் நகரில் நீதிமன்ற உறுப்பினர். கணக்கு அவருடைய ஓய்வுநேர வேலை. பிரெஞ்சுத் தத்துவஞானி டேக்கார்ட் 1637-இலேயே இதே சைன் விதியை வெளியிட்டிருந்தார். ஆனால் அடர்ந்த ஊடகத்தில் ஒளி வேகமாகச் செல்லும் என்ற அடிப்படையில்தான் அதைத் தருவித்தார். ஃபெர்மா நேர்மாறாக, மெதுவாகச் செல்லும் என்று எடுத்துக்கொண்டு கணக்கிட்டார். டேக்கார்ட்டின் விதியே திரும்பி வந்ததில் அவருக்கே வியப்பு. கோணங்களை மட்டும் அளந்து இருவரில் யார் சரி என்று தீர்க்க முடியாது. நீரில் ஒளி மெதுவாகத்தான் செல்கிறது என்று ஃபூக்கோ 1850-இல் சோதனையில் காட்டிய பிறகுதான் அது தீர்ந்தது.

டேக்கார்ட் பக்கத்தில் நின்ற கிளெர்செலியே 1662-லேயே ஓர் எதிர்ப்பு எழுப்பினார். இயற்கைக்கு முன்யோசனை கிடையாது, அது தேர்ந்தெடுப்பதும் இல்லை. பிறகு எப்படிக் குறைந்த நேரத்தைக் கண்டுபிடிக்கும் என்பது அவர் வாதம். நியாயமான கேள்வி. "குறைந்த" என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டிருக்கும் வரை இதற்குப் பதில் கிடையாது.

அந்தச் சொல் தவறும் இடம் ஒன்றைப் பாருங்கள். உட்புறம் கண்ணாடியான ஒரு வட்டம், ஆரம் 50 செ.மீ. அதன் விட்டத்தில், மையத்தின் இருபுறமும் 30 செ.மீ. தள்ளி இரண்டு புள்ளிகள். ஒன்றிலிருந்து வட்டத்தின் உச்சிக்குப் போய் மற்றதற்கு வரும் பாதையில் கோணங்கள் சமம்; ஒளி அவ்வழி செல்கிறது. அதன் நீளம் 116.6 செ.மீ. உச்சியிலிருந்து 30 பாகை விலகித் தொட்டால் 113.6 செ.மீ. விட்டத்தின் முனையைத் தொட்டால் வெறும் 100. ஆக, உச்சி வழிப் பாதை இருப்பவற்றுள் மிக நீளமானது. எதிரொளிப்பு விதி அங்கும் அப்படியே பொருந்துகிறது. "குறைந்த நேரம்" மட்டும் பொருந்தவில்லை.

இரண்டுக்கும் பொதுவானது, புள்ளியைச் சற்று நகர்த்தினால் நேரம் ஏறத்தாழ மாறாமல் நிற்பதுதான். நீர்க் கணக்குக்கே திரும்புவோம். 40-லிருந்து 10 செ.மீ. விலகினால் கூடுவது ஏறத்தாழ 1.2. ஒரு செ.மீ. விலகினால் 0.012 மட்டுமே. விலகல் பத்தில் ஒன்றானால், நேர வேறுபாடு நூறில் ஒன்றாகிவிடுகிறது.

கிளெர்செலியேவுக்கான பதிலும் இதில்தான் இருக்கிறது. ஒளி அலை. அது எல்லாப் பாதைகளிலும் பரவுகிறது. பச்சை ஒளியின் அலைநீளம் ஏறத்தாழ 0.0005 மி.மீ. 40-ஆவது செ.மீ.யின் இருபுறமும் ஏறத்தாழ அரை மி.மீ. வரை, பாதைகளின் வேறுபாடு அரை அலைநீளத்துக்குள் அடங்கிவிடுகிறது. அங்கிருந்து வரும் அலைகள் ஒன்றையொன்று வலுப்படுத்துகின்றன. தள்ளிப் போகப் போக முகடும் பள்ளமும் மாறி மாறி வந்து அழிந்துபோகின்றன. எஞ்சி நிற்கும் அந்த மெல்லிய பட்டையைத்தான் நாம் கதிர் என்கிறோம். நீர்ப்பரப்பை மூடி, அந்தப் பட்டையைவிட மிகக் குறுகிய ஒரு பிளவை மட்டும் திறந்துவைத்தால், வலுப்படுத்தவும் அழிக்கவும் அக்கம்பக்கத்துப் பாதைகள் இருக்காது. ஒளி விரிந்து பரவும். கோணம் அளக்க அங்கே கதிரே இருக்காது.