மூலக் கோப்பு எங்கே கிடக்கிறது? சிறு சேனலுக்கான டிரான்ஸ்கோடிங் கணக்கு

கேமரா பதிவுசெய்யும் வீடியோக் கோப்பு மிகப் பெரியது. அதன் படங்களை ஒவ்வொன்றாக விரித்து, பார்வையாளரின் இணைய வேகத்துக்கு ஏற்றபடி சிறிய அளவுகளில் மீண்டும் சுருக்கி எழுதுவதே டிரான்ஸ்கோடிங். கூகுள், அமேசான் போன்ற நிறுவனங்களின் கிளவுட் சேவைகள் ஒரு கோப்பைப் பல துண்டுகளாக வெட்டி, பல கணினிகளில் ஒரே நேரத்தில் சுருக்கி, பின்னர் ஒட்டித் தருவதால் ஒரு மணிநேரப் பதிவு சில நிமிடங்களில்கூட முடிந்துவிடும். ஆனால் அந்த வேகம், கோப்பு அங்கே போய்ச் சேர்ந்த பிறகுதான் தொடங்குகிறது.

ஒரு சேனல் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, தலா ஒரு மணிநேரம் ஓடும் 12 சொற்பொழிவுகளைத் தன் சொந்த இணையதளத்தில் வெளியிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். கேமரா நொடிக்கு 50 மெகாபிட் வீதம் பதிவுசெய்தால், ஒரு மணிநேரத்துக்கு 22.5 ஜிபி, மொத்தம் 270 ஜிபி ஆகும். வீட்டு இணைப்பின் பதிவேற்ற வேகம் நொடிக்கு 20 மெகாபிட் என்றால், இணைப்பு ஒருமுறையும் அறுபடாமல் இருந்தாலும் இவற்றை ஏற்றி முடிக்க 30 மணிநேரம் பிடிக்கும்.

அதே வேலையை எட்டு கோர் கொண்ட ஒரு மேசைக் கணினியில் செய்து பார்ப்போம். x264 என்கோடர் 1080p அளவில் நொடிக்கு 75 பிரேம்களைச் சுருக்குகிறது என்று கொண்டால், நொடிக்கு 25 பிரேம் கொண்ட பதிவு மூன்று மடங்கு வேகத்தில் முடியும். 12 மணிநேரத்துக்கு 4 மணிநேரம் போதும். 720p, 480p ஆகிய இரண்டு அளவுகளும் வேண்டுமென்றால், அவற்றின் புள்ளிகளின் எண்ணிக்கையை வைத்துப் பார்க்கையில், மேலும் மூன்றில் இரண்டு பங்கு வேலை கூடும். ஆக, ஆறரை மணிநேரம். கணினி 150 வாட் இழுத்தாலும் செலவாவது ஏறத்தாழ ஒரு யூனிட் மின்சாரம். இரவு படுக்கப் போகுமுன் ஓடவிட்டால், காலையில் எல்லாம் தயாராக இருக்கும்.

கட்டணத்தில் பலர் தவறவிடும் இடம் ஒன்று உண்டு. கிளவுட் சேவைகள் உள்ளே கொடுக்கும் நிமிடங்களுக்கு அல்ல, வெளியே வரும் ஒவ்வோர் அளவின் நிமிடங்களுக்கும் தனித்தனியாகக் கட்டணம் போடுகின்றன. கூகுளின் டிரான்ஸ்கோடர் சேவையில் எச்டி அளவுக்கு நிமிடத்துக்கு 0.03 டாலர், அதற்குக் கீழே 0.015 டாலர் என்பது பட்டியல் விலை. 720p கூட எச்டி கணக்கில்தான் சேரும். எனவே நம் 720 நிமிடங்கள் மூன்று அளவுகளாக வெளிவரும்போது 54 டாலர் ஆகிறது. யூடியூபில் மட்டும் வெளியிடுபவருக்கு இந்தச் செலவே தேவையில்லை. தரமான ஒரு கோப்பைக் கொடுத்தால் மற்ற அளவுகளை யூடியூபே உருவாக்கிக்கொள்கிறது.

சொந்தக் கணினியின் உண்மையான ஆபத்து, யாரும் பார்க்காத நள்ளிரவில் வேலை பாதியில் நிற்பது. சாதாரண எம்பி4 கோப்பில், எந்தப் படம் எங்கே இருக்கிறது என்ற அட்டவணை கடைசியில்தான் எழுதப்படுகிறது. ஆகவே நடுவில் மின்சாரம் போனால் பல ஜிபி அளவுள்ள, ஆனால் திறக்கவே திறக்காத ஒரு கோப்பு மிஞ்சும். மறுபடி ஓடவிடும்போது, அந்தப் பெயரில் கோப்பு ஏற்கெனவே இருப்பதாக நினைத்து, கோப்புகளை ஒவ்வொன்றாகச் சுருக்கும் ஸ்கிரிப்ட் அதைத் தாண்டிப் போய்விட்டால், குறை வெளியிடும் நாளில்தான் தெரியவரும். தற்காலிகப் பெயரில் எழுதி, முழுதாக முடிந்த பிறகே உரிய பெயருக்கு மாற்றுவது இதற்கான எளிய காப்பு. x264 என்கோடரை இயக்கும் ffmpeg என்ற மென்பொருளைக் கொண்டு, in கோப்புறையில் உள்ள மூலக் கோப்புகளைச் சுருக்கி out கோப்புறையில் வைக்கும் ஸ்கிரிப்டை, 1080p அளவுக்கு மட்டும் இங்கே தருகிறேன்:

```
mkdir -p out
for f in in/*.MP4; do
  o="out/$(basename "$f" .MP4).mp4"
  [ -e "$o" ] && continue
  ffmpeg -nostdin -y -i "$f" -c:v libx264 \
    -crf 20 -c:a aac part.mp4 && mv part.mp4 "$o"
done
```

மடிக்கணினியில் இன்னொரு தொல்லை வெப்பம். ffmpeg திரையில் காட்டும் `speed=` மதிப்பு, முதல் சில நிமிடங்களில் 3x என்றிருந்து, அதே மாதிரியான காட்சிகள் ஓடும்போதே படிப்படியாக இறங்கிக்கொண்டு போனால், செயலி சூடேறித் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்கிறது என்று பெரும்பாலும் கொள்ளலாம். அப்போது மேலே சொன்ன ஆறரை மணிநேரக் கணக்கு பொருந்தாது. கோப்பைச் சிறிதாக்கி கிளவுடுக்கு அனுப்பலாமே என்று தோன்றும். ஆனால் சிறிதாக்குவதே டிரான்ஸ்கோடிங் என்பதால், அதைச் செய்து முடித்தவருக்கு கிளவுடில் மிச்சமிருக்கும் வேலை குறைவு.

கணக்கு தலைகீழாகும் இடமும் இருக்கிறது. வெவ்வேறு ஊர்களில் பதிவுசெய்பவர்கள் அவரவர் கோப்பை நிகழ்ச்சி முடிந்த அன்றே கிளவுட் சேமிப்பகத்தில் ஏற்றிவிடுகிறார்கள் என்றால், அந்த 270 ஜிபியை வீட்டுக்கு இறக்குவதுதான் வீண்வேலை. அதே சேமிப்பகத்தின் பக்கத்திலேயே டிரான்ஸ்கோடிங்கை நடத்தி, சிறிய வெளியீட்டுக் கோப்புகளை மட்டும் எடுத்துக்கொள்ளும்போது 54 டாலர் நியாயமான செலவாகவே எனக்குப் படுகிறது.