படாத குத்து எப்படிப் பட்டதாகத் தெரிகிறது?

திருவட்டாறு பக்கம் ஒரு ரப்பர் விளையில் என் அக்கா மகனும் அவன் கூட்டுக்காரர்களும் ஒரு குறும்படம் எடுத்தார்கள். கதை சின்னதுதான். அப்பா விட்டுப்போன விளையைப் பங்கு வைப்பதில் அண்ணனுக்கும் தம்பிக்கும் தகராறு வருகிறது, கடைசியில் அது கைகலப்பாக முடிகிறது. இரண்டு பேரும் சின்ன வயதில் ஒரே ஆசானிடம் அடிமுறை என்கிற சண்டைக்கலை படித்தவர்கள். நடித்த பையன்களும் உண்மையாகவே களரிக்குப் போகிறவர்கள், அதனால் சண்டை அசலாக வரும் என்று எல்லோரும் நம்பினோம். நானும் சிறுவனாக நாலு வருஷம் அதே களரியில் சுவடு என்கிற காலடி வரிசையை வைத்துப் பழகியவன், எடிட்டிங் வேலையை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன்.

முதல் நாள் எடுத்ததைப் போட்டுப் பார்த்தால் சண்டையே இல்லை. இரண்டு பேர் நெருங்கி நிற்கிறார்கள், கை ஏதோ அசைகிறது, ஒருவன் கீழே கிடக்கிறான். நேரில் பார்த்தபோது வயிறு கலங்கிய அடி, திரையில் ஒன்றுமே இல்லை. ஆசானிடம் காட்டினோம். அவர் ஆச்சரியப்படவே இல்லை. "மக்களே, இது அடிக்கதுக்குள்ள அடி. காட்டதுக்குள்ளது இல்ல" என்றார்.

அவர் சொன்னது அப்படியே கணக்கில் வரும். சினிமாவில் நொடிக்கு 24 பிரேம், அதாவது ஒரு பிரேமுக்கு ஏறக்குறைய 42 மில்லி நொடி. பழகியவனின் குத்து நொடிக்கு 8 மீட்டர் வேகத்தில் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பிரேம் முடிவதற்குள் முஷ்டி 33 சென்டிமீட்டர் போய்விடும். நெஞ்சுப் பக்கத்திலிருந்து எதிராளி முகம் வரை 60 சென்டிமீட்டர்தான் தூரம் என்றால் மொத்தக் குத்தும் இரண்டே பிரேமில் முடிந்துபோகிறது, அதிலும் முஷ்டி கலங்கிய நிழலாகத்தான் பதிந்திருக்கும். அடிமுறையில் இது இன்னும் மோசம். நெருங்கி நின்று, முன்கூட்டி அறிவிக்காமல், குறைந்த தூரத்தில் அடிப்பதுதான் அதன் பலமே. எதிராளியின் கண்ணுக்குத் தெரியாமல் போவதற்காகத் தலைமுறை தலைமுறையாகச் செதுக்கிய அடி, கேமராவின் கண்ணுக்கு மட்டும் எப்படித் தெரியும்?

அப்போ சினிமாக்காரர்கள் என்ன செய்கிறார்கள்? முதலில் குத்தின் வடிவத்தையே மாற்றுகிறார்கள். நேராகப் போகும் குத்துக்குப் பதிலாக, தோளுக்குப் பின்னாலிருந்து கையை எடுத்து அரை வட்டமாக வீசும் குத்து. நிஜச் சண்டையில் அப்படி வீசுகிறவன் முதல் அடியிலேயே மாட்டுவான். ஆனால் திரையில் கை பின்னால் போகும்போதே பார்க்கிறவருக்கு அடி வரப்போவது தெரிந்துவிடும், அப்புறம் முஷ்டி திரையின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை கடந்து போகிறது. இரண்டு பிரேம் அசைவு பத்துப் பன்னிரண்டு பிரேமாக நீள்கிறது. சினிமா நாயகர்கள் எல்லோரும் கையை வீசி வீசி அடிப்பதற்கு முக்கியமான காரணம் இதுதான்.

அடுத்தது கேமரா நிற்கும் இடம். நமக்கு இரண்டு கண், கேமராவுக்கு ஒன்று. லென்ஸுக்கு நேர்க்கோட்டில் இரண்டு பொருள் வந்துவிட்டால் அவற்றுக்கு நடுவில் எவ்வளவு இடம் இருக்கிறது என்று அதற்குச் சொல்லத் தெரியாது. அடிக்கிறவனின் முதுகுக்குப் பின்னால், தோளுக்கு மேலே கேமராவை வைத்து, முஷ்டியை எதிராளி முகத்துக்கு 25 சென்டிமீட்டர் முன்னால் வீசச் சொன்னால் அந்த 25 சென்டிமீட்டரும் காணாமல் போய்விடும். இதைத்தான் நாங்கள் இரண்டாவது நாள் செய்தோம், ஆனாலும் சொதப்பியது. கேமரா பிடித்த பையன் அண்ணன் முகம் நன்றாகத் தெரியட்டும் என்று பக்கவாட்டில் நகர்ந்து நகர்ந்து நின்றிருக்கிறான். நேர்க்கோட்டிலிருந்து 10 டிகிரி நகர்ந்தால் இடைவெளி 4 சென்டிமீட்டர் அளவுக்குத்தான் தெரியும், 8 சென்டிமீட்டர் அகல முஷ்டி அதை மறைத்துவிடும். 30 டிகிரி நகர்ந்தால் 12 சென்டிமீட்டருக்கு மேல் தெரியும், முஷ்டியால் அவ்வளவையும் மறைக்க முடியாது. கண்டுபிடிக்கவும் எளிது. முஷ்டி முகத்தைக் கடக்கும் பிரேமில் நிறுத்திப் பாருங்கள், கன்னத்துக்கும் முஷ்டிக்கும் நடுவில் வெளிச்சக் கீற்று தெரிந்தால் அந்த ஷாட் தேறாது. எங்களுடையதில் பின்னால் இருந்த ரப்பர் மரமே முழுசாகத் தெரிந்தது.

கோணம் சரியான பிறகுதான் கஷ்டமான பகுதி வந்தது, அடி வாங்குகிறவனின் நேரம். திரையில் அடியை நம்பவைப்பது அடிக்கிறவன் இல்லை, வாங்குகிறவன். கண்ணால் ஒன்றைப் பார்த்து உடம்பை அசைக்க மனிதனுக்கு ஏறக்குறைய 200 மில்லி நொடி ஆகும், அதாவது ஐந்து பிரேம். முஷ்டி முகத்துக்கு நேராக வந்ததைப் பார்த்துத் தலையைத் திருப்பலாம் என்று காத்திருந்தால் முஷ்டி கடந்துபோய் ஐந்து பிரேம் கழித்துத்தான் தலை திரும்பும், பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள். பயந்து முன்கூட்டியே திருப்பினால் பொய் இன்னும் பளிச்சென்று தெரியும். அதனால் சண்டையைப் பார்த்துச் செய்ய முடியாது, தாளத்தில்தான் செய்ய முடியும். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணி, மூன்றில் முஷ்டியும் தலையும் சந்திக்க வேண்டும், முஷ்டி போகும் திசையிலேயே தலையும் போக வேண்டும்.

ஹாங்காங் சினிமா இதில் ஏன் முன்னே போனது என்பதும் இங்கேதான் விளங்குகிறது. ஜாக்கி சான், சாம்மோ ஹங் இரண்டு பேரும் சிறுவயதில் பீக்கிங் ஓபரா பள்ளியில் வளர்ந்தவர்கள். அந்த மேடையில் சண்டை என்பது மேளத்துக்கும் தாளத்துக்கும் ஆடுவது. வேகமாக நாலு அசைவு, பிறகு சட்டென்று சிலைபோல் ஒரு நிற்பு, மறுபடி வேகம். அந்த நிற்பை அலங்காரம் என்று நினைத்துவிடக் கூடாது. கண் ஓய்ந்து, இப்போது யார் எங்கே இருக்கிறார், யார் கை மேலே இருக்கிறது என்று படித்துக்கொள்ள அதுதான் நேரம் கொடுக்கிறது. நிற்பே இல்லாமல் வெட்டி வெட்டிப் போடும் சண்டைகளில் சத்தம் மட்டும் மிஞ்சி ஒன்றும் புரியாமல் போவதற்கு இதுவே காரணம் என்பேன். எடிட்டிங்கிலும் அவர்களிடம் ஒரு நுட்பம் உண்டு. தூர ஷாட்டில் உதை படும் இடத்தில் வெட்டி, கிட்ட ஷாட்டை இரண்டு மூன்று பிரேம் பின்னாலிருந்து தொடங்குவார்கள், அதாவது படும் கணத்தைக் கொஞ்சம் இரண்டு தடவை காட்டுவார்கள். ஷாட் மாறியதும் கண் புது இடத்தைத் தேடிப் பிடிக்கச் சிறிது நேரம் ஆகும், அந்த நேரத்தில் அடி பட்டுவிட்டால் நமக்குத் தவறிவிடும். நானும் எங்கள் படத்தில் மூன்று பிரேம் திருப்பிப் போட்டேன். அடி கனமானதே தவிர, ஒரே அடி இரண்டு முறை வருவதை யாரும் கவனிக்கவில்லை. ஈரத் துணியைத் துவைகல்லில் அறைந்து பதிவு செய்த சத்தத்தை அந்த இடத்தில் வைத்ததும் இன்னும் நன்றாக உட்கார்ந்தது.

சரி, இப்போது அடி பட்டது போலத் தெரிகிறது. ஆனால் மூன்றாம் நாள் எல்லாவற்றையும் கோர்த்துப் பார்த்தபோது அது யாரோ இரண்டு பேரின் சண்டையாக இருந்தது, அண்ணன் தம்பி சண்டையாக இல்லை.

அன்றைக்கு ராத்திரி நான் பையன்களை உட்காரவைத்து 1972-ல் புரூஸ் லீயே இயக்கிய 'வே ஆஃப் த டிராகன்' படத்தின் கடைசிச் சண்டையைப் போட்டுக் காட்டினேன். ரோமில் கொலோசியத்துக்குள் அவரும் சக் நோரிஸும் மோதுவது. முதலில் இரண்டு பேரும் தனித்தனியாக உடம்பைத் தளர்த்திக்கொள்கிறார்கள், அவசரமே இல்லை. சண்டை தொடங்கியதும் லீ அடி வாங்கி விழுகிறார். அவர் முறை நோரிஸிடம் எடுபடவில்லை. அப்புறம் தாளத்தை மாற்றுகிறார், கால்களால் துள்ளித் துள்ளி நகர ஆரம்பிக்கிறார், நோரிஸின் உதைகள் காற்றில் போகின்றன. கடைசியில் எதிராளியின் கையும் காலும் உடைந்த பிறகு லீ தலையை அசைக்கிறார், வேண்டாம், நிறுத்து என்று. நோரிஸ் நிறுத்தவில்லை. கொன்ற பிறகு லீ அவருடைய மேலுடையையும் பெல்ட்டையும் எடுத்துவந்து அவர்மேல் போர்த்துகிறார். வசனமே இல்லாமல் நமக்கு எத்தனை தெரிந்துவிட்டது பாருங்கள். ஒருவன் தோற்கும்போது கற்றுக்கொள்கிறவன், மற்றவன் மாறத் தெரியாதவன், ஆனால் பணியாதவன். இவ்வளவையும் சொன்னது யார் எப்போது அசைகிறார், எப்போது நிற்கிறார் என்பதுதான், அதாவது நாங்கள் மூன்று நாளாகப் பிரேம் எண்ணிச் சரிசெய்துகொண்டிருந்த அதே நேரம்.

அப்போதுதான் அக்கா மகன் எங்கள் கதையின் அண்ணன் தம்பியைப் பற்றிக் கேட்டான். "மாமா, இவங்க ரெண்டு பேரும் ஒரே ஆசான்ட்ட படிச்சவங்கதானே? அப்போ அடுத்த அடி என்னன்னு ரெண்டு பேருக்கும் தெரியும்லா?"

அந்தக் கேள்வியில் காட்சி மாறியது. ஒரே சுவட்டைப் பத்து வருஷம் சேர்ந்து வைத்தவர்கள். தம்பி தோளை இறக்கும்போதே அண்ணனுக்கு அடி எங்கே வரும் என்று தெரியும். அப்படியென்றால் அண்ணனின் தடுப்பு முஷ்டியோடு சேர்ந்து வரக் கூடாது, அதற்கு முன்பே வர வேண்டும். முந்தின நாள் பிழை என்று நாங்கள் தள்ளிய அதே அசைவுதான். பயத்தில் முன்கூட்டித் திரும்பினால் பொய்யாகத் தெரிவது, கை சரியான இடத்துக்கு முன்கூட்டிப் போய்க் காத்திருந்தால் பழக்கமாகத் தெரிகிறது. வித்தியாசம் கண்ணில் இருக்கிறது. பயந்தவன் முஷ்டியைப் பார்ப்பான், தெரிந்தவன் தம்பியின் முகத்தைப் பார்த்துக்கொண்டே தடுப்பான். கையும் விரித்த கைதான், முஷ்டி மடக்கவில்லை. களரியில் பழகும்போது பிடிப்பதுபோல் ஒவ்வொரு அடியையும் வாங்கி வாங்கிக் கீழே விடுகிறான். இதற்காக முதல் ஆறு அடிகளையும் முதுகுக்குப் பின்னாலிருந்து எடுக்காமல் பக்கவாட்டிலிருந்தே எடுத்தோம், ஏனென்றால் இப்போது மறைக்க ஒன்றும் இல்லை, கை உண்மையாகவே கையில் படுகிறது.

ஏழாவது அடிக்கு மட்டும் கேமராவைத் தம்பியின் தோளுக்குப் பின்னால் கொண்டுபோனோம். அந்த அடி சுவட்டில் இல்லாதது, கோபத்தில் தோளுக்குப் பின்னாலிருந்து வருகிற வெறும் வீச்சு. அண்ணனுக்கு அது தெரியாது. நடித்த பையனிடம் எண்ணிக்கையில் மூன்றுக்குப் பதில் நாலில் தலையைத் திருப்பு என்றேன். முஷ்டி கடந்து மூன்று பிரேம் வரை அண்ணன் தம்பியையே பார்த்துக்கொண்டிருக்கிறான், விரித்த கை இன்னும் பழைய இடத்திலேயே காத்திருக்கிறது, அதற்கப்புறம்தான் தலை திரும்புகிறது. அந்த இடத்தில் துவைகல் சத்தத்தை எடுத்துவிட்டேன்.