பதிலுக்கு முந்தைய அரை விநாடி

ஒருவர் "நாளைக்கு வரீங்களா?" என்று கேட்கிறார். மற்றவர் "வரேன்" என்கிறார். கேள்வியின் கடைசி ஒலி அடங்கி, பதிலின் முதல் ஒலி எழுவதற்கு இடையில் எவ்வளவு நேரம் போகிறது? டான்யா ஸ்டிவர்ஸ் தலைமையிலான மொழியியலாளர் குழு ஒன்று, பத்து மொழிகளின் இயல்பான உரையாடல்களை வீடியோவில் பதிவு செய்து இதை அளந்தது. ஆம், இல்லை என்று பதில் சொல்லக்கூடிய கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். 2009இல் வெளியான அந்த ஆய்வில் கிடைத்த சராசரி 208 மில்லி விநாடி, அதாவது ஒரு விநாடியில் ஐந்தில் ஒரு பங்கு.

இதில் ஒரு கணக்கு இடிக்கிறது. ஒரு படத்தைக் காட்டி அதன் பெயரைச் சொல்லச் சொன்னால், ஒற்றைச் சொல்லை எடுத்து வாய்க்குக் கொண்டுவரவே நமக்கு ஏறத்தாழ 600 மில்லி விநாடி தேவைப்படுகிறது. பிறகு எப்படி 200இல் பதில் வருகிறது? எதிராளி பேசி முடிப்பதற்குள்ளேயே பதிலைத் தயாரிக்கத் தொடங்கிவிடுகிறோம் என்பதுதான் விடை. கேள்வி எதைப் பற்றியது என்று புரிந்த உடனேயே, மீதி வாக்கியம் ஓடிக்கொண்டிருக்கும்போதே, மூளை பதிலைக் கோக்க ஆரம்பிக்கிறது என்று மூளை அலைப் பதிவுகள் காட்டியுள்ளன. கோத்த பதிலைக் கையில் வைத்துக்கொண்டு, வாக்கியம் எங்கே முடியும் என்று ஊகித்துக் காத்திருக்கிறோம்.

அந்த ஊகம் குரலின் ஏற்ற இறக்கத்திலிருந்து வருகிறது என்று நினைக்கத் தோன்றும். நெதர்லாந்தில் யான் பேட்டர் டி ரூய்டரும் சகாக்களும் 2006இல் அதைச் சோதித்தார்கள். பதிவான பேச்சில் சுருதியைத் தட்டையாக்கிவிட்டு, "இவர் பேச்சை முடிக்கப்போகும் நொடியில் பொத்தானை அழுத்துங்கள்" என்றார்கள். கேட்டவர்கள் ஏறக்குறைய சரியாகவே அழுத்தினார்கள். மாறாக, சுருதியை விட்டுவிட்டுச் சொற்களைப் புரியாதபடி மழுக்கியபோது தடுமாறினார்கள். சொற்களும் வாக்கிய அமைப்புமே முக்கியமான தடயம்.

முடிவை ஊகித்தால் மட்டும் போதாது. அடுத்து யார் பேசுவது என்பதும் தீர வேண்டும். உரையாடலை ஆராய்ந்த சாக்ஸ், ஷெக்லாஃப், ஜெஃபர்சன் ஆகிய மூவரும் 1974இல் இதற்கு மூன்று படிகள் கொண்ட விதியை முன்வைத்தார்கள். பேச்சு முடியக்கூடிய ஓர் இடம் வந்ததும் முதலில், பேசுபவர் அடுத்தவரைத் தேர்ந்தெடுத்திருக்கிறாரா என்று பார்க்க வேண்டும். பெயர் சொல்லிக் கேட்பதும் முகம் பார்த்துக் கேட்பதும் அப்படிப்பட்ட தேர்வு. தேர்ந்தெடுக்கவில்லை என்றால் முதலில் வாய் திறப்பவருக்கே முறை. யாருமே திறக்காவிட்டால், பேசிக்கொண்டிருந்தவரே தொடரலாம். அடுத்த முடிவிடத்தில் மறுபடியும் முதல் படி. இந்த மூன்றாவது படியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். வெளியூர்க்காரர்களோடு பேசும்போது எழும் மனக்கசப்பில் ஒரு பகுதி அங்கேதான் பிறக்கிறது.

இனி மௌனத்துக்கு வருவோம். கேள்வி கேட்ட பிறகு விழும் மௌனம் பொதுச்சொத்து அல்ல. கேட்கப்பட்டவரின் பெயரில் எழுதப்பட்ட மௌனம். அதனால் அது நீள நீள, அவரைப் பற்றி ஏதோ சொல்லத் தொடங்குகிறது. பத்து மொழி ஆய்விலும் இணங்கிச் சொல்லும் பதில்கள் சீக்கிரமும், மறுக்கும் பதில்கள் தாமதமாகவும் வந்தன. கேட்பவர்களுக்கு இது தெரியும், தெரியும் என்பதே தெரியாமல். டச்சு மொழியில் 2015இல் வெளியான ஒரு மூளை அலைச் சோதனையில், ஒரு வேண்டுகோளுக்கோ அழைப்புக்கோ 300 மில்லி விநாடியில் "இல்லை" என்ற பதில் வந்தால் கேட்டவர்களின் மூளையில் எதிர்பாராததைக் கேட்ட அலை எழுந்தது. அதே "இல்லை" ஒரு விநாடி கழித்து வந்தபோது அந்த அலை எழவில்லை. அந்த ஒரு விநாடி மௌனமே மறுப்பை முன்கூட்டிச் சொல்லிவிட்டிருந்தது.

அந்த மூவரில் ஒருவரான கெயில் ஜெஃபர்சன், தான் ஆராய்ந்த பெரும்பாலும் ஆங்கில உரையாடல்களில், மௌனத்தைப் பொறுக்கும் எல்லை ஏறத்தாழ ஒரு விநாடி என்று கண்டார். அதைத் தாண்டும் முன் யாராவது எதையாவது சொல்லி நிரப்பிவிடுவார்கள். கேள்வி கேட்டவரே "இல்ல, வேலை இருந்தா பரவாயில்ல" என்று தன் கேள்வியைத் தானே தளர்த்துவதும் இந்த ஓரத்தில்தான். எதிராளி மறுக்கும் முன்பே மறுப்புக்கு வழி விட்டுக்கொடுப்பது அது.

மொழிக்கு மொழி இந்த நேரம் எவ்வளவு மாறுகிறது? பத்து மொழிகளில் மிக வேகமானது ஜப்பானியம், சராசரி 7 மில்லி விநாடி. வினைச்சொல் தமிழைப் போலவே கடைசியில் வரும் மொழி என்பதால் முடிவுவரை காத்திருக்க வேண்டும் என்று நினைத்தால் கணக்கு தப்பும். மிக மெதுவானது டேனிஷ், 469. மற்றவை இடையில். ஆக மொத்தம், எந்த மொழியும் பொதுச் சராசரியிலிருந்து கால் விநாடிக்கு மேல் அதிகம் விலகவில்லை. "அந்த நாட்டில் ஒரு கேள்விக்கு நிமிடக்கணக்கில் யோசித்துத்தான் பதில் சொல்வார்கள்" என்பது போன்ற பயணக் கதைகளை இந்த எண்களோடு வைத்துப் பார்த்தால், கதைகள் எவ்வளவு ஊதிப் பெருத்தவை என்று தெரிகிறது.

ஆனால் ஊதிப் பெருப்பதற்கும் காரணம் உண்டு. நம் காது முழு விநாடிகளை எண்ணுவதில்லை. தன் ஊரின் வழக்கத்திலிருந்து எவ்வளவு விலகல் என்பதைத்தான் அளக்கிறது. 200க்குப் பழகிய காதுக்கு 500 என்பது "கொஞ்சம் தாமதம்" அல்ல, "ஏதோ சரியில்லை".

இது பேச்சை எப்படிக் குலைக்கிறது என்பதை ரான் ஸ்காலன், சுசான் ஸ்காலன் இணையர் வட அமெரிக்காவின் அதபஸ்கன் பழங்குடியினருக்கும் ஆங்கிலம் பேசுபவர்களுக்கும் இடையிலான பேச்சில் ஆராய்ந்து 1981இல் எழுதினார்கள். அதபஸ்கன் மக்கள் தம் வாக்கியங்களுக்கு நடுவே விடும் இடைவெளி, ஆங்கிலம் பேசுபவர்களுடையதைவிட ஏறத்தாழ அரை விநாடி நீளம். ஆங்கிலம் பேசுபவரின் எல்லை ஒரு விநாடி, அதபஸ்கன்காரரின் எல்லை ஒன்றரை விநாடி என்று வைத்துக்கொண்டு ஒரு பேச்சை ஓட்டிப் பார்க்கலாம்.

முதலாமவர் ஒரு வாக்கியத்தை முடிக்கிறார். இரண்டாமவரிடம் சொல்ல விஷயம் இருக்கிறது; ஆனால் முதலாமவர் உண்மையிலேயே முடித்துவிட்டாரா என்று உறுதியாகத் தெரிய அவருக்கு ஒன்றரை விநாடி வேண்டும். ஒரு விநாடி ஆனதும் முதலாமவர், "இவருக்கு ஒன்றும் சொல்ல இல்லை போலும்" என்று மூன்றாவது படியைப் பயன்படுத்தித் தானே தொடர்கிறார். இரண்டாமவரின் கணக்கு மறுபடி சுழியத்திலிருந்து தொடங்குகிறது. முடிக்கும் ஒவ்வொரு முறையும் இதுவே.

ஒருவழியாக இரண்டாமவருக்கு முறை கிடைத்தது என்று வைத்துக்கொள்வோம். அவர் பாதி சொல்லிவிட்டு, தன் ஊர் வழக்கப்படி 1.2 விநாடி நிறுத்துகிறார். அவருக்கு அது நடுவே விடும் மூச்சு. முதலாமவருக்கு அது முற்றுப்புள்ளி. உள்ளே நுழைந்துவிடுகிறார்.

அரைமணி நேரம் இப்படிப் போனால், "இந்த ஆள் வாயே திறக்கமாட்டேன் என்கிறார்" என்று ஒருவரும், "இந்த ஆள் பேசவே விடமாட்டேன் என்கிறார்" என்று மற்றவரும் எழுந்து போவார்கள். இருவரும் விதியை மீறவில்லை. ஒரே விதி, இரண்டு கடிகாரம். அதைவிட மோசம், தப்பு கடிகாரத்தில் என்று யாருக்கும் தோன்றுவதில்லை. அகம்பாவம், மந்தம் என்று குணத்தின் தலையில்தான் பழி விழுகிறது. தொலைபேசி இணைப்பில் செயற்கையாகத் தாமதத்தைச் சேர்த்து நடத்திய சோதனைகளிலும், குறை கம்பியில் என்று நினைக்காமல், எதிர்முனையில் இருப்பவர் கவனமில்லாதவர் என்றே பலர் மதிப்பிட்டார்கள்.

குணத்தின் தலையில் விழும் பழி ஆஸ்திரேலியாவில் நீதிமன்றம்வரை போயிருக்கிறது. அங்குள்ள பழங்குடிச் சாட்சிகள் கேள்விக்குப் பிறகு மௌனமாக யோசிப்பது அவர்களுடைய பேச்சு வழக்கில் இயல்பு என்று மொழியியலாளர் டயானா ஈட்ஸ் நெடுங்காலமாகச் சுட்டிவந்தார். வழக்கறிஞரோ பதில் வரவில்லை என்று கேள்வியை மாற்றிக் கேட்பார். அல்லது மௌனத்தைத் தயக்கம், பொய் என்று நடுவர் குழு எடுத்துக்கொள்ளும். திரும்பத் திரும்பக் கேட்டால், விஷயம் உண்மையோ இல்லையோ, தொல்லை தீரட்டும் என்று "ஆமாம்" வருவதும் உண்டு. வடக்கு ஆட்சிப்பகுதியில் நீதிபதி மில்ட்ரன், இத்தகைய மௌனத்தைப் பொய்யின் அடையாளமாகக் கொள்ளக்கூடாது என்று நடுவர் குழுவுக்கு முன்கூட்டியே விளக்கும் அறிவுரையை வகுத்தார்.

எல்லா மௌனமும் இந்த வகை அல்ல. காரில் சேர்ந்து போகிற இருவர் பத்து நிமிடம் பேசாமல் இருக்கலாம். அங்கே கேள்வி எதுவும் தொங்கவில்லை, மௌனம் யார் பெயரிலும் இல்லை. அரிசோனாவின் மேற்கு அப்பாச்சே மக்கள், முன்பின் தெரியாதவரைச் சந்திக்கும்போதும், நெடுநாள் கழித்துப் பிள்ளை வீடு திரும்பும்போதும் பேசாமல் இருப்பதே முறை என்று கருதுவதை மானிடவியலாளர் கீத் பாஸோ 1970இல் பதிவு செய்தார். உறவு எந்த நிலையில் இருக்கிறது என்று தெளிவாகும்வரை காத்திருப்பது அது. இந்த மௌனத்தைப் பதிலுக்கு முந்தைய இடைவெளியோடு சேர்த்து "அமைதியான பண்பாடு" என்று ஒரே சீட்டு ஒட்டுவது தவறான இடத்துக்குக் கொண்டுபோகும். பதிலுக்கு முந்தைய இடைவெளி கடிகாரச் சிக்கல். அப்பாச்சே மக்களின் மௌனம் எப்போது பேசலாம் என்ற மரபு.

உங்கள் பேச்சில் கடிகாரச் சிக்கல் இருக்கிறதா என்று அறிய, இருவர் சம்மதத்தோடு இருபது நிமிடப் பேச்சைப் பதிவு செய்து, ஒலி அலையைத் திரையில் காட்டும் ஏதாவது மென்பொருளில் திறந்தால் போதும். ஆம், இல்லை கேள்விகளை மட்டும் தேடி, கேள்வி முடிந்த இடத்திலிருந்து பதில் தொடங்கும் இடம்வரை தேர்வு செய்தால் நேரம் மில்லி விநாடியில் தெரியும். பதிலுக்கு முன் இழுக்கும் மூச்சையும் "ம்..." என்பதையும் தனியே குறித்துக்கொள்ளுங்கள், அவை "நான் வரப்போகிறேன்" என்ற அறிவிப்பு. நேரில் பேசியதையே அளக்க வேண்டும். ஆன்லைன் அழைப்பில் எடுத்தால் இணைப்பின் தாமதமும் சேர்ந்துவிடும்: ஓர் ஆய்வில் நேரில் 135 மில்லி விநாடியாக இருந்த சராசரி, ஜூமில் 487 ஆனது.

எண்களைவிட நல்ல தடயம் ஒன்று உண்டு. ஒரே கேள்வியை ஒருவர் அடுத்தடுத்து இரண்டு விதமாகக் கேட்டிருக்கிறாரா, இரண்டாவது கேள்வி தொடங்கும் அதே நேரத்தில் முதல் கேள்விக்கான பதிலும் மோதிக்கொண்டு வருகிறதா என்று பாருங்கள். அப்படி மோதினால் எதிராளி தயங்கவில்லை. பதிலோடு வந்துகொண்டிருந்தவரின் வழியில் நீங்கள் குறுக்கே போய்விட்டீர்கள். அவசரக் கடிகாரக்காரர் கேள்வி கேட்டபின் ஒரு மூச்சை முழுவதும் இழுத்து விட்டால் இது பெரும்பாலும் நின்றுவிடும். நிதானக் கடிகாரக்காரருக்கு அதைவிட எளிய வழி இருக்கிறது: பதில் தயாராகும்வரை காத்திருக்காமல், முதல் அரை விநாடிக்குள் "அது வந்து..." என்று ஒலித்துவிட்டால் முறை அவர் கைக்கு வந்துவிடும், யோசிக்கும் நேரமும் அதற்குள்ளேயே கிடைக்கும்.